பத்துப் பேர் ஜெராக்ஸ் கேட்டால் எந்த மெஷின்?

“ஐயா, கோத்தகிரி பக்கம் கட்டபெட்டு அருகே மளிகைக் கடை வைத்திருக்கிறோம். நாளுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் வியாபாரம். பக்கத்தில் பள்ளிக்கூடம், மேலே எஸ்டேட் லைன். தினமும் பத்துப் பேராவது ‘ஜெராக்ஸ் இருக்கா?’ என்று கேட்டுவிட்டு கோத்தகிரி பஸ் ஏறுகிறார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் பெரிய ரீகண்டிஷன் மெஷின் 65,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். 2,000 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மருமகள் பி.காம். படித்தவள். அப்ளிகேஷன் போட்டுத் தரலாம், கரண்ட் பில் கட்டித் தரலாம் என்கிறாள். எது கட்டும், எதில் கை வைக்கக் கூடாது, சொல்லுங்கள்.”
— ஒரு வாசகி, நீலகிரி

அம்மா, அந்த மெஷினை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

குன்னூரில் பல வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தியவன் நான். இப்போது மெஷின் சர்வீஸ் பார்க்கிறேன். 65,000 ரூபாய் மெஷின் மோசம் என்று சொல்ல வரவில்லை. கல்லூரி வாசலிலோ, கோர்ட் பக்கத்திலோ ஒரு நாளைக்கு ஆயிரம், இரண்டாயிரம் காப்பி ஓடுகிற இடத்தில் அதுதான் சோறு போடும். உங்களிடம் வருவது பத்துப் பேர். ஆளுக்கு நாலு பக்கம் என்றால் நாற்பது காப்பி. பக்கத்துக்கு 3 ரூபாய் வாங்கினால் 120 ரூபாய். ஒரு ரீம், அதாவது 500 தாள், 260 ரூபாய் என்று வைத்தால் தாளுக்கு 52 காசு. அதோடு மை, கரண்ட், கோணலாக விழுந்து கிழித்துப் போடுவது எல்லாம் சேர்த்து ஒரு காப்பிக்கு ஒரு ரூபாய் செலவு என்று தாராளமாகவே போடுங்கள். மிச்சம் 80 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 2,080. இந்த வேகத்தில் 65,000 திரும்பி வர இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் ஒரு தடவைகூட ரிப்பேர் ஆகாமல் இருந்தால். பழைய மெஷின் அப்படி இருக்காது. டிரம்மோ ரோலரோ போனால் ஆள் கீழேயிருந்து மலை ஏறி வர வேண்டும். பார்த்துவிட்டுப் பார்ட்ஸ் எடுக்க இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கடையில் ஓர் அலமாரி அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு மெஷின் சும்மா நிற்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. லேசர் முறையில் ஓடும் எந்த மெஷினும் டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித்தான் தாளில் ஒட்டவைக்கிறது. அந்தச் சூட்டுக்காக ஒவ்வொரு முறையும் இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கரண்டை இழுக்கும். வோல்டேஜ் இறங்கும் சாயங்கால வேளையில் அது தடுமாறும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவும் முடியாது. நம் பக்கம் காற்றடித்தால் மரம் கம்பியில் விழும், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி நாளில் கடை வாசலில் நிற்கிறவருக்குக் காப்பி எடுத்துக் கொடுக்க முடிந்தால்தான் அவர் அடுத்த தடவை பஸ் ஏறாமல் உங்களிடம் வருவார்.

அதனால் உங்களுக்கு ஏற்றது இங்க் டேங்க் பிரிண்டர்தான். மேலே ஸ்கேன் கண்ணாடி உள்ள, காப்பி, ஸ்கேன், பிரிண்ட் மூன்றும் செய்கிற மாடல். 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் புதிதாகவே கிடைக்கும். ஒரு சின்ன பல்பு அளவு கரண்ட்தான் எடுக்கும் என்பதால் இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். மேலே போட்ட அதே 2,080 ரூபாய் கணக்கில் ஒன்பது, பத்து மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். ஆனால் கடைக்காரர் காட்டுகிற முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கறுப்பு மை எந்த வகை என்று கேளுங்கள். இங்க் டேங்க் மையில் இரண்டு ஜாதி உண்டு. டை மை தாளில் ஊறி நிற்கும், தண்ணீர் பட்டால் கரையும். பிக்மென்ட் மை தாளின் மேலேயே படிந்து நிற்கும், அவ்வளவு சீக்கிரம் கரையாது. சில மாடலில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. சிலவற்றில் நாலுமே டை.

கீழே இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நமக்கு அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் பிடிக்கிற மழையில், சான்றிதழ் காப்பியை சட்டைப் பைக்குள் வைத்து நடந்து போகிறவரின் தாள் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் நீலமாகக் கரைந்திருந்தால் உங்கள் கடைக்குத்தான் கெட்ட பெயர். சோதிப்பது சுலபம். கடையிலேயே ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் காயவிட்டு, விரலை நனைத்து எழுத்தின் மேல் ஒரு தடவை இழுங்கள். வால் முளைத்தால் அந்த மாடல் வேண்டாம். பேனலில் ID Copy என்ற பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்க அது வேண்டும், உங்களிடம் வருகிற காப்பியில் பாதி அதுவாகத்தான் இருக்கும். இந்த வகையிலும் ஒரு குறை உண்டு. மை தெளிக்கும் தலையை மெஷின் சுத்தம் செய்யும்போது வழியும் மையை உள்ளே ஒரு பஞ்சு உறிஞ்சிக்கொண்டே வரும். அது நிரம்பினால் மெஷின் ஒரு நாள் திடீரென்று நின்றுவிடும். பயந்துவிடாதீர்கள், அந்தப் பஞ்சை மாற்றினால் போதும். சில மாடலில் நாமே கழற்றி மாட்டலாம். அதையும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

இப்போது ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் கடை போட்ட முதல் வருஷம், ஒரு நவம்பர் காலை. எட்டு மணிக்குக் கதவைத் திறந்து மெஷினைப் போட்டு முதல் காப்பி எடுத்தால், புகைக்குள்ளே எழுத்து இருக்கிற மாதிரி வந்தது. டோனர் போய்விட்டது என்று புதுசு மாற்றினேன். அப்படியேதான் வந்தது. பத்து மணிக்கு, நான் எதுவும் செய்யாமலே, தானாகச் சரியாகிவிட்டது! ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கண்ணாடியில், நாலு பேர் உள்ளே வந்து மூச்சு விட்டதும், பக்கத்து டீக்கடை ஆவி வந்ததும் சேர்ந்து பனி படிந்திருக்கிறது. புது டோனர் காசு தண்டம்தான். உங்கள் வீட்டுச் சமையலறையும் கடையும் ஒட்டி இருந்தால் உங்களுக்கும் இது நடக்கும். கடை திறந்ததும் மெஷினை ஆன் செய்துவிட்டு, இருபது நிமிஷம் கழித்து முதல் காப்பி எடுங்கள். அதற்கு முன்னால் காய்ந்த பருத்தித் துணியால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

தாள் இன்னும் மோசம். காற்றில் இருக்கும் ஈரத்தை அது உப்பு மாதிரி இழுக்கும். ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தால், ஒரு தாள் கேட்டால் மூன்று தாள் சேர்ந்து போனால், மை எழுத்தைச் சுற்றி மயிர் மயிராகப் பரவினால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள், தாளில் ஈரம் ஏறியிருக்கிறது. ரீம் சுற்றி வரும் காகிதத்தின் உள்பக்கம் ஈரம் புகாத பூச்சு இருக்கும். அதைக் கிழித்து எறியாமல் ஓர் ஓரத்தை மட்டும் திறந்து எடுங்கள். டிரேயில் ஐம்பது தாளுக்கு மேல் வைக்காதீர்கள். ராத்திரி மிச்சத் தாளை எடுத்து, நீங்கள் பருப்பு போட்டு வைக்கிற மாதிரி இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். தரையிலோ வெளிச்சுவர் ஓரமாகவோ ரீம் அடுக்கக் கூடாது. மளிகைக்காரருக்கு இதை நான் சொல்லித் தரவே வேண்டியதில்லை. சர்க்கரைக்குப் பார்க்கிற பக்குவம்தான்.

சரி, கரண்ட் பில்.

பில் கட்டிக் கொடுப்பதில் வருமானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பத்து ரூபாய் கேட்டால் கொடுப்பார்கள், அதற்கு மேல் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் ஒரு வீட்டிலிருந்து வருஷத்துக்கு ஆறு தடவைதான். ஆனால் இதில் வேறொரு லாபம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. இப்போது உங்கள் மளிகை வியாபாரத்தில் ஒரு பகுதி ஸ்கேன் செய்து அக்கவுண்டுக்குத்தானே போகிறது? சரக்கு வண்டிக்காரருக்கும், பால், முட்டை போடுகிறவருக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியது ரொக்கம். அந்தப் பணத்தை எடுக்க கோத்தகிரி ஏடிஎம்முக்குப் போக வேண்டும், போக வர அரை நாள் போச்சு. அதே நேரத்தில் எஸ்டேட் லைனிலிருந்து ஒரு பாட்டி 740 ரூபாய் ரொக்கத்தைக் கொடுத்து பில் கட்டச் சொல்கிறார். உங்கள் அக்கவுண்டிலிருந்து 740 மின்வாரியத்துக்குப் போகிறது, டிராயருக்குள் 740 ரொக்கம் வருகிறது. அக்கவுண்டில் கிடந்த பணம் பஸ் ஏறாமலே கைக்கு வந்துவிட்டது. பத்து ரூபாய்க் கூலியைவிட இதுதான் உங்களுக்கு மிச்சம். அதனால் நாளுக்கு எவ்வளவு பில் எடுப்பது என்பதை உங்கள் ரொக்கத் தேவையை வைத்து முடிவு செய்யுங்கள். 3,000 ரூபாய் ரொக்கம் வேண்டிய நாளில் அதற்கு மேல் எடுத்தால், மிஞ்சிய ரொக்கத்தை பாங்கில் கட்ட மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்கும்.

கட்டும்போது ஒரே ஒரு கட்டாயம். இணைப்பு எண்ணைப் போட்டதும் திரையில் பெயர் வரும், அதை வாய்விட்டுப் படித்து, “இது உங்க வீட்டுக்காரர் பேர்தானே?” என்று கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். ஓர் எண் மாறினால் பக்கத்து லைன் வீட்டுக்காரர் பில் கட்டப்பட்டுவிடும், அதைத் திரும்ப வாங்குவது லேசில் முடியாது. லைன் வீடுகளில் இணைப்பு வேறு பெயரில், சில சமயம் எஸ்டேட் பெயரிலேயே இருக்கும் என்பதால் பழைய ரசீதைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் நல்லது. கடைசி நாள் பார்த்து, காசு வாங்கி வைத்துக்கொண்டு “நெட் வரலை, நாளைக்குக் கட்டறேன்” என்று சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஃபியூஸ் பிடுங்கிவிட்டால் மீண்டும் இணைக்கும் கட்டணம் உங்கள் தலையில்தான் விடியும்.

இதைத் திருப்பிப் போட்ட வேலைதான் நீங்கள் கை வைக்கவே கூடாதது. யாரோ ஒருவர் வந்து, “ஏடிஎம் வேலை செய்யலை, உங்களுக்கு ஜிபே பண்றேன், ரொக்கம் கொடுங்க, நூறு ரூபா எடுத்துக்கோங்க” என்பார். சீசனில் சுற்றுலா வண்டிகள் நிற்கிற ரோட்டில் இது தினம் நடக்கும். எனக்கும் நடந்தது. 9,000 ரூபாய் வந்தது, ரொக்கம் எண்ணிக் கொடுத்தேன், 150 ரூபாய் கிடைத்ததே என்று இருந்தேன். பதினோரு நாள் கழித்து சரக்குக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. பாங்கில் கேட்டால், அந்த 9,000 வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணமாம். பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்திருக்கிறார். பணம் எந்தெந்த அக்கவுண்ட் வழியாகப் போனதோ அத்தனையிலும் தடை விழுந்திருக்கிறது. என் கணக்கு நாலு மாதம் முடங்கிக் கிடந்தது. தெரியாத ஊர் போலீஸுக்குக் கடிதம், மெயில், கடை போட்டோ, ரசீது என்று அனுப்பி அனுப்பித்தான் மீட்டேன். வந்தவர் திருடனா, அவரும் ஏமாந்தவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊரில் தெரிந்த ஆளாக இருந்தாலும் “சரக்கு வாங்கினால் ஸ்கேன் பண்ணுங்க, ரொக்கம் தரமாட்டோம்” என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் மருமகள் சொன்ன அப்ளிகேஷன் வேலை. உண்மையான காசு அங்கேதான் இருக்கிறது.

ஒரு விண்ணப்பத்துக்கு 50 ரூபாய் கூலி, நாளுக்கு மூன்று பேர் என்றால்கூட மாதம் 3,900. ஜெராக்ஸில் வருவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காகிதச் செலவும் கிடையாது. மே, ஜூன், ஜூலையில் கல்லூரிச் சேர்க்கையின்போது நிற்க நேரம் இருக்காது, நவம்பரில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் இதில் இரண்டு விதம் உண்டு, முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி போன்ற வருவாய்த்துறைச் சான்றிதழ்களை மற்றவர்களுக்காகப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்க, அரசு கொடுக்கும் இ-சேவை மைய அனுமதியும் ஐடியும் வேண்டும். பொதுமக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ள tnesevai.tn.gov.in தளத்தில் வழி இருக்கிறது. அந்த லாகினைக் கடையில் ஒன்று திறந்து வைத்துக்கொண்டு ஊருக்கே போடுவது முறையில்லை, புகார் போனால் பதில் சொல்ல முடியாது. மருமகள் பெயரில் மைய அனுமதிக்கு மனு போடுங்கள். மையமாகிவிட்டால் சான்றிதழுக்கு 60 ரூபாய் என்பது போல அரசு வைத்த கட்டணம்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது, கட்டணப் பலகையும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

அது கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்லூரி விண்ணப்பம், டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வு விண்ணப்பம் எல்லாம் அவரவர் சொந்த லாகினில் போடுவது, நீங்கள் கூடவே உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுப்பதற்குக் கூலி வாங்கலாம். கலெக்டரிடம் திங்கட்கிழமை கொடுக்கிற மனுவைத் தட்டச்சு செய்து தரலாம். பாங்க், போஸ்ட் ஆபீஸ் பாரம் நிரப்பலாம். போட்டோ, கையெழுத்து ஸ்கேன் செய்து அளவு குறைத்துக் கொடுக்கலாம். இந்தக் கடைசி வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தளத்துக்குப் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த படம் மூன்று, நாலாயிரம் கேபி இருக்கும். பஸ் ஏறி வந்தவர்கள் பாதிப் பேர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். பத்திரங்களை ஸ்கேன் செய்யும்போது கலரில், பெரிய அளவில் எடுத்துவிட்டு அப்புறம் நசுக்காதீர்கள், எழுத்து பூச்சி பூச்சியாகிவிடும். ஆரம்பத்திலேயே கறுப்பு வெள்ளையில், 150 டிபிஐ வைத்து எடுத்தால் அளவும் சின்னதாக இருக்கும், எழுத்தும் படிக்க வரும். முடித்ததும் திரையில் பெரிதாக்கி, முத்திரைக்குள் இருக்கும் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் படிக்க வரவில்லையென்றால் கிராம நிர்வாக அலுவலருக்கும் வராது, மனு திரும்பி வரும்.

ஆனால் மனு திரும்பி வருவதற்கு ஸ்கேனைவிடப் பெரிய காரணம் பெயர். ஓர் உதாரணம் சொல்கிறேன். என் கடைக்கு ஒரு பெண் பிள்ளை, பிளஸ் டூ முடித்து, வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தாள். அப்பா எஸ்டேட் தொழிலாளி, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்கள் இங்கே எத்தனை ஆயிரம் குடும்பம் என்பது உங்களுக்கே தெரியும். அப்பா பெயர் தாத்தாவின் பழைய குடும்ப அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் முருகையா, ரேஷன் கார்டில் முருகய்யா, மகளின் மாற்றுச் சான்றிதழில் முருகன். என்னிடம் அப்போது வேலை பார்த்த பையன் ரேஷன் கார்டைப் பார்த்து அடித்து அனுப்பிவிட்டான். மனு வி.ஏ.ஓ.விடமிருந்தே திரும்பியது. மறுபடி போட்டோம், வருவாய் ஆய்வாளர் வரை போய்த் திரும்பியது. கல்லூரியில் கேட்ட நாள் தாண்டிவிட்டது, அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தேன். கொண்டுவந்த தாள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒரு வெள்ளைத் தாளில் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி ஒவ்வொன்றும் எந்தத் தாளில் எப்படி இருக்கிறது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம் ஆகும். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு விண்ணப்பம் கிடையாது. எதைத் திருத்த வேண்டும், எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து 10 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். ஆதாரில் செல்போன் எண் மாற்றுவது அவரவரே செய்துகொள்ள வேண்டிய வேலை, கடையில் நீங்கள் செய்து கொடுக்க முடியாது. அதை முதலிலேயே கேளுங்கள். ஓடிபி வராத ஆதாரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடிவிட்டுக் கைவிட்டவர்கள் அதிகம். எந்தச் சான்றிதழ் எந்த ஆபீஸுக்குப் போகும் என்பதையும் தெரிந்து வைத்திருந்தால் மரியாதை கூடும். உங்கள் பக்கம் படுகர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கோத்தகிரி தாலுகா ஆபீஸோடு முடியும். இருளர், குறும்பர், கோத்தர் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பது வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. என்பதால் குன்னூர் போக வேண்டும். தாலுகா ஆபீஸில் தேடிக்கொண்டு நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதை மருமகளிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். விண்ணப்பத்தில் கடை செல்போன் எண்ணோ கடை மெயில் ஐடியோ போடக் கூடாது. அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க அந்தப் பையன் கோயம்புத்தூரில் உட்கார்ந்து முயற்சி செய்வான், ஓடிபி உங்கள் போனுக்கு வரும், நீங்கள் எடுக்க மாட்டீர்கள். போன் இல்லாதவர் என்றால் வீட்டில் யார் எண் நிலையாக இருக்குமோ அதைப் போடுங்கள். முடித்ததும் விண்ணப்ப எண், லாகின் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரையும் போட்டோவையும் அவர் முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள். கோணலாக விழுந்த ஆதார் காப்பியை மளிகைப் பொட்டலம் மடிக்கப் பயன்படுத்தி மாட்டிக்கொண்ட கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும், கிழித்துத்தான் போட வேண்டும். பளபள பிவிசி ஆதார் அட்டை அடித்துக் கொடுக்கலாமே என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். வெளிக்கடையில் அடிக்கும் அந்த அட்டையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆதார் ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது.

கடைசியாக வரி விஷயம், இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொருள் மட்டும் விற்கிற கடைக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. ஆனால் அந்தச் சலுகை பொருள் மட்டும் விற்பவருக்குத்தான். காப்பி எடுத்துக் கொடுப்பது, விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எல்லாம் சேவை. சேவையும் சேர்ந்துவிட்டால் எல்லை 20 லட்சமாக இறங்கிவிடும், அதில் வரி இல்லாத அரிசி, காய்கறி விற்பனையும் சேர்த்துத்தான் கணக்கு. நாளுக்கு 6,000 என்றாலே வருஷத்துக்கு 21 லட்சத்துக்கு மேல் வருகிறது. மாதம் ஆறாயிரம் ரூபாய் கூடுதல் வருமானத்துக்காக மொத்த மளிகைக் கடையும் ஜிஎஸ்டிக்குள் போய்விடலாம். சேவை வேலை முழுவதையும் மருமகளின் தனித் தொழிலாக, அவர் பான் எண்ணில், அவர் பாங்க் கணக்கில், தனி ஸ்கேன் அட்டையோடு உண்மையாகவே தனியாக நடத்துவது ஒரு வழி. பிரிண்டர் பில்லையும் அவர் பெயரில் வாங்குங்கள். ஆரம்பிக்கும் முன் போன வருஷ விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு தடவை ஆடிட்டரைப் பாருங்கள். அவர் ஐந்நூறு கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

அந்த 2,000 அட்வான்ஸ் பற்றி. திருப்பிக் கேட்டால் தயங்குவார், அது வியாபார வழக்கம். “மெஷின் வேண்டாம், அதுக்குப் பதிலா ஏ4 ரீமா கொடுத்துடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவரும் தாள் வாங்கித்தான் ஆக வேண்டும், காசாகக் கொடுப்பதைவிடச் சுலபமாக ஒத்துக்கொள்வார். 260 கணக்கில் ஏழு ரீம் வரும், 3,500 தாள். நாளுக்கு நாற்பது காப்பி என்றால் மூன்று மாதத்துக்கு மேலேயே ஓடும். வாங்கும்போது ரீம் சுற்று கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் கூரையில் மட்டும் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள்.